பொங்கல் லீவை ஜெர்மனி பையருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பொங்கலுக்கு கம்பெனி மூடுவதைப் பற்றி ஜெர்மனி பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதினேன். ‘பொங்கல்’ என்ற சொல்லை மேனேஜர் அடித்துவிட்டு ‘லோக்கல் ஹாலிடேஸ்’ என்று மாற்றச் சொன்னார். "அவங்களுக்குப் பொங்கல்னா என்ன தெரியும்?" என்கிறார். நம் பண்டிகைப் பெயரை அப்படியே வைக்கலாமா? வைத்தால் எவ்வளவு விளக்க வேண்டும்? ஆயுத பூஜைக்கும் இதே பிரச்சினை வருகிறது.

பதில்: பெயரை அப்படியே வையுங்கள். உங்கள் மேனேஜரின் கவலை நியாயமானதுதான், ஆனால் அவர் போட்ட சொல் அந்தக் கவலையைத் தீர்க்காது. பையருக்குப் பொங்கல் தெரியாது என்பது உண்மை. ‘லோக்கல் ஹாலிடேஸ்’ என்பதிலிருந்து அவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

பையர் இடத்திலிருந்து பாருங்கள். அவருக்கு உங்களைப் போலப் பல நாடுகளில் சப்ளையர்கள் இருப்பார்கள். ‘லோக்கல் ஹாலிடேஸ்’ என்று படித்ததும் எந்த ஊருக்கு, எத்தனை நாளுக்கு, அரசு விடுமுறையா கம்பெனியே விட்டதா என்று எதுவும் தெரியாது. டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் அவர்களுக்கு ஒரு லயசன் ஆபீஸ் இருந்தால் அங்கே கேட்பார். 2026 ஜனவரி 15, வியாழக்கிழமை, அந்த ஆபீஸ் திறந்திருக்கும். "இந்தியாவில் அன்றைக்கு லீவு எதுவும் இல்லையே" என்று பதில் போகும். நீங்கள் உண்மையைத்தான் எழுதினீர்கள், ஆனால் சாக்குச் சொல்வதுபோல ஆகிவிடும். பெயர் இருந்தால் அவரே தேடிப் பார்த்து, தமிழ்நாட்டில் அது அரசு பொது விடுமுறை என்று ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொள்வார். அடுத்த டிசம்பரில் ஆர்டர் திட்டமிடும்போது தன் இன்பாக்ஸில் அதே பெயரைப் போட்டுத் தேடினால் இந்த ஆண்டு மெயிலும் கிடைக்கும். ‘லோக்கல் ஹாலிடேஸ்’ என்று தேடினால் உலகத்து சப்ளையர்கள் அனுப்பிய மெயிலெல்லாம் வரும்.

இன்னொன்று, நம்மூரில் உள்ளூர் விடுமுறை என்பதற்குத் தனிப் பொருள் இருக்கிறது. கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளுக்கு மதுரையிலும், சதய விழாவுக்குத் தஞ்சாவூரிலும் கலெக்டர் அறிவிக்கிறாரே, அதுதான் உள்ளூர் விடுமுறை. அந்த ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பொருந்தும். செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள், ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்குவார்கள். பொங்கல் அப்படிப்பட்டது அல்ல. தை 1 பொங்கல், மறுநாள் திருவள்ளுவர் நாள், அதற்கு மறுநாள் உழவர் திருநாள் என்று மூன்று நாளும் மாநிலம் முழுவதற்கும் அரசு விடுமுறை. அதை ‘லோக்கல்’ என்று எழுதினால் தகவலே தவறாகிறது.

சிலர் பெயரை விட்டுவிட்டு ‘ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்’ என்று மட்டும் எழுதுவார்கள். அதுவும் போதாது. ஜெர்மனியில் அறுவடை நன்றி விழா என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் கொண்டாடுவார்கள். அதற்காக எந்த ஃபேக்டரியும் நாலு நாள் மூடுவதில்லை. படிப்பவர் மனதில் அந்த அளவுதான் பதியும். அமெரிக்க பையருக்கு ‘நம்ம ஊர் தேங்க்ஸ்கிவிங்’ என்று எழுதுவதிலும் சிக்கல் உண்டு. அவருக்கு அது நவம்பர் மாதத்து வியாழக்கிழமை, ஜனவரியோடு அவர் அதைச் சேர்த்துப் பார்க்க மாட்டார். அறுவடைத் திருநாள் என்பது பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரலாம், பெயருக்குப் பதிலாக வரக் கூடாது.

சரி, எவ்வளவு விளக்குவது? பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி, அதன்பின் பத்துப் பதினைந்து சொற்கள், அவ்வளவு போதும். அந்தச் சொற்களுக்குள் எதை வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பானை பொங்குவது, சூரியனுக்குப் படைப்பது, மாட்டுக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசுவது எல்லாம் அழகான விஷயங்கள். பையர் திருப்பூர் வரும்போது உட்கார வைத்துச் சொல்லுங்கள், விரும்பிக் கேட்பார். இந்த மெயிலில் அவருக்குத் தேவை, இந்தப் பண்டிகையால் தன் ஆர்டருக்கு என்ன ஆகும் என்பது. ஆகவே எந்த மாநிலத்தின் பண்டிகை, ஏன் ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்ற இரண்டையும் விளக்கத்தில் வையுங்கள். மாநிலத்தின் பெயர் இருந்தால் குர்கான் குழப்பம் வராது. ஆட்கள் ஊருக்குப் போகிறார்கள் என்பது இருந்தால் மூன்று நாள் அரசு விடுமுறைக்கு ஏன் ஒரு வாரம் உற்பத்தி குறைகிறது என்பது புரியும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நிறைய மெயில்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 2026-இல் பொங்கல் 15 வியாழன், திருவள்ளுவர் நாள் 16 வெள்ளி, உழவர் திருநாள் 17 சனி, அடுத்து ஞாயிறு. ஆபீஸ் 19 திங்கள் திறந்துவிடும். ஆனால் லைனில் உட்காரும் டைலர்கள் எல்லோரும் அன்றைக்கே வந்துவிடுவார்களா என்று உங்களுக்கே தெரியும். தென்மாவட்டத்துக்குப் போனவர்கள் புதன், வியாழன் என்றுதான் வந்து சேர்வார்கள். உங்கள் லைன் முழுதாக ஓடினாலும், துணி வர வேண்டிய நிட்டிங், டையிங், காம்பாக்டிங் யூனிட்கள் அவரவர் வசதிப்படி வேறு வேறு நாளில்தான் திறக்கும். ‘15 முதல் 18 வரை விடுமுறை’ என்று மட்டும் எழுதினால் 19 காலையிலிருந்து உற்பத்தி முழு வேகத்தில் நடக்கும் என்று பையர் கணக்குப் போடுவார். 20ஆம் தேதி ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் அனுப்பவும் செய்வார். ஆபீஸ் திறக்கும் நாளையும் முழு உற்பத்தி திரும்பும் நாளையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இதோடு அவர் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு கடைசி நாளும் வேண்டும். லேப் டிப், ட்ரிம்ஸ், பிபி சாம்பிள் அப்ரூவல் எதுவானாலும் எந்தத் தேதிக்குள் வந்தால் விடுமுறைக்கு முன் வேலைக்குப் போகும் என்று சொல்லிவிடுங்கள். இது இல்லாததால்தான் 14ஆம் தேதி அவர்கள் மாலை ஐந்து மணிக்கு, அதாவது நமக்கு இரவு ஒன்பதரைக்கு, ‘அப்ரூவ்டு, ப்ளீஸ் ப்ரொசீட்’ என்று மெயில் வந்து கிடக்கிறது.

நீங்கள் அனுப்பியதையும் இப்போது சொன்னவற்றையும் சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

```
Subject: Factory closed 15–18 January 2026 for Pongal

Our factory and office will be closed from Thursday 15
to Sunday 18 January for Pongal, the harvest festival of
Tamil Nadu, when most of our workers go home to their families.

The office reopens on Monday 19 January. We expect full
production from Thursday 22 January.

Approvals that reach us by Friday 9 January will go into
work before we close.
```

தலைப்பு வரியில் தேதி முன்னே, பெயர் பின்னே இருப்பதைக் கவனியுங்கள். மெயிலைத் திறக்காதவருக்கும் தேதி தெரிந்துவிடும். மாதத்தை எழுத்தில் எழுதியதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். ஒரே மெயில் ஜெர்மனிக்கும் நியூயார்க்குக்கும் போகும்போது, மாதமும் நாளும் பன்னிரண்டுக்குள் இருக்கிற எந்தத் தேதியும் இரண்டு விதமாகப் படிக்கப்படும். கிழமையைச் சேர்ப்பது இரட்டைப் பூட்டு. தேதியில் நீங்கள் தட்டச்சுப் பிழை செய்திருந்தால் கிழமை ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

பண்டிகைப் பெயரைச் சாய்வெழுத்தில் போட வேண்டாம், மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டாம். கிறிஸ்துமஸை யாரும் மேற்கோளுக்குள் எழுதுவதில்லை. முதல் எழுத்து பெரிய எழுத்து, அது போதும். விக்கிப்பீடியா லிங்க் கொடுப்பதும் தேவையில்லை. அதைத் திறந்து படிக்கும் நேரம் அவருக்கு இருக்காது, படித்தாலும் உங்கள் ஃபேக்டரி என்று திறக்கும் என்பது அங்கே கிடைக்காது.

‘மூடியிருக்கும்’ என்று நேராக எழுதியிருக்கிறேன். நாம் பேச்சில் எல்லாவற்றுக்கும் லீவு என்கிறோம், ‘ஆபீஸ் லீவு’ என்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் ‘வி ஆர் ஆன் லீவ்’ என்று எழுதினால் நீங்கள் ஒருவர் சொந்த விடுப்பில் இருப்பதாகவும் மற்றவர்கள் வேலை பார்ப்பதாகவும் படிப்பார்கள். ‘வி ஆர் ஆன் ஹாலிடே’ என்று எழுதினால் பிரிட்டன்காரர் நீங்கள் கோவாவுக்குச் சுற்றுலா போனதாக நினைப்பார். ‘என்ஜாய் யுவர் வெக்கேஷன்’ என்று எப்போதாவது பதில் வந்திருந்தால், அங்கே நடந்தது இதுதான். அதேபோல ஆர்.ஹெச்., காம்ப்-ஆஃப், செகண்ட் சாட்டர்டே போன்றவை நம் ஆபீஸுக்குள் புழங்கும் சொற்கள். வெளிநாட்டு மெயிலில் அவற்றை எடுத்துவிட்டு ‘மூடியிருக்கும்’, ‘நான் இருக்க மாட்டேன்’ என்பதையே எழுதுங்கள். பண்டிகைப் பெயரைக் காப்பாற்றச் சொல்கிற நானே இவற்றை எடுக்கச் சொல்வதற்குக் காரணம், பண்டிகைப் பெயரைப் பையர் தேடிப் பார்த்து உறுதி செய்யலாம். நம் ஹெச்.ஆர். சுருக்கெழுத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்?

ஆயுத பூஜைக்கு வருகிறேன். இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ஆயுதங்களை வழிபடும் நாள் என்று ஆங்கிலத்தில் எழுதிய மெயில்கள் என் கைக்குத் திருத்தத்துக்கு வந்திருக்கின்றன. படிக்கிற ஐரோப்பியருக்கு அது துப்பாக்கி, வாள் என்றுதான் தோன்றும். உங்கள் ஃபேக்டரியில் அன்றைக்கு உண்மையில் என்ன நடக்கிறது? ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்களை எல்லாம் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கட்டிங் டேபிளுக்கும் மாலை போட்டு, பொரி கடலை வைத்துக் கும்பிடுகிறீர்கள். வைத்த கருவியை அன்று எடுப்பதில்லை, மெஷின் ஓடாது. பையருக்குச் சொல்ல வேண்டிய செய்தியே அதுதான், அதை விளக்கமாக வைத்துவிடுங்கள்:

```
We will be closed on Monday 19 and Tuesday 20 October 2026
for Ayudha Puja and Vijayadashami. On Ayudha Puja, factories
in our region clean, honour and rest their machines.
```

இரண்டாவது நாளுக்குத் தனி விளக்கம் வேண்டாம், முதல் நாளோடு சேர்ந்தது என்பது வாக்கியத்திலேயே தெரிகிறது. ஒரு மெயிலில் ஒரு பெயருக்கு மேல் விளக்கப் போனால் மெயில் பண்டிகைக் கட்டுரையாகிவிடும். பெயரை எந்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதுவது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஆண்டுப் பட்டியல், மெயில், ஆட்டோ ரிப்ளை மூன்றிலும் ஒன்றே இருக்கட்டும். வேறு வேறாக இருந்தால் இரண்டு தனி விடுமுறைகள் என்று எண்ணிவிடுவார்கள்.

சில பெயர்களுக்கு விளக்கமே வேண்டாம், அவர்கள் அறிந்த பெயரைப் பக்கத்தில் வைத்தால் போதும். நம் அரசுப் பட்டியலில் பக்ரீத் என்று இருப்பது துபாய் பையருக்கு ஈத் அல் அத்ஹா. இரண்டையும் சேர்த்து எழுதி, பிறை பார்ப்பதைப் பொறுத்துத் தேதி ஒரு நாள் மாறலாம் என்று சேர்த்துவிடுங்கள். தீபாவளியை ‘திவாலி’ என்று மாற்றத் தேவையில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் அரசாங்கமே ‘தீபாவளி’ என்றுதான் எழுதுகிறது. ஐரோப்பியருக்கு எழுதும்போது திவாலி என்பதை ஒருமுறை பக்கத்தில் வையுங்கள். தேதியை மட்டும் நம் பட்டியலிலிருந்தே எடுங்கள். நமக்கு நரக சதுர்த்தசி விடியற்காலை, வடக்கே அமாவாசை மாலை என்பதால் சில ஆண்டுகளில் ஒரு நாள் வித்தியாசம் வரும். 2018-இல் நமக்கு நவம்பர் 6, வடக்கே நவம்பர் 7. பையர் தன் போன் காலண்டரில் இருக்கிற தேதியை நம்பியிருந்தால் நீங்கள் எழுதியது தவறு என்று நினைப்பார். ‘தமிழ்நாட்டில்’ என்ற சொல் அங்கேயும் வேண்டும்.

தீபாவளியை ஒட்டி உங்களுக்கு இன்னொரு பெயரும் தேவைப்படும். பீகார், ஜார்கண்ட் தொழிலாளர்கள் லைனில் இருந்தால் தீபாவளிக்குப் பின் ஒரு வாரத்துக்குள் வரும் சத் பூஜைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். அது தமிழ்நாட்டு விடுமுறை இல்லை, ஃபேக்டரி மூடாது. ஆனால் ஆள் குறையும். ‘லேபர் ஷார்ட்டேஜ்’ என்று எழுதினால் நிர்வாகக் கோளாறு என்று பையர் நினைப்பார். சத் என்று பெயர் சொல்லி, பீகார் தொழிலாளர்களின் முக்கியப் பண்டிகை, ஃபேக்டரி திறந்திருக்கும், உற்பத்தி இன்ன தேதிவரை குறைவாக இருக்கும் என்று எழுதுங்கள். அது அவர்களின் பண்டிகை, அதன் பெயரோடு அதைச் சொல்வதுதான் மரியாதையும்.

மேனேஜரிடம் இதை எப்படிக் கொண்டுபோவது? ஒவ்வொரு மெயிலாக வாதாடுவதைவிட, ஜனவரிக்கு முன்பே ஆண்டு விடுமுறைப் பட்டியலை ஒரு பக்கமாகத் தயாரித்துக் காட்டுங்கள். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாளும் விட வேண்டும். உங்கள் நிறுவனம் எந்த ஐந்தை எடுத்திருக்கிறதோ அதைத்தான் அனுப்ப வேண்டும். அரசுப் பட்டியலை அப்படியே அனுப்பினால் இருபதுக்கு மேல் நாள்கள் இருக்கும், பையர் மிரண்டுபோவார். தேதி, பெயர், ஒரு வரி விளக்கம், முழு உற்பத்தி திரும்பும் நாள் என்று நான்கு நெடுவரிசைகள் போதும். இந்தப் பட்டியலில் விளக்கம் ஒருமுறை வந்துவிட்டால், பிறகு அதே பையருக்கு எழுதும் மெயில்களில் பொங்கல் என்று பெயர் மட்டும் போட்டாலே போதும். பையர் பக்கம் ஆள் மாறினால் மறுபடி ஒருமுறை விளக்குங்கள்.

பட்டியலோடு காலண்டர் இன்வைட்டும் அனுப்புவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவுட்லுக்கில் முழு நாள் நிகழ்வாகப் போட்டு வேறு நேர மண்டலத்துக்கு அனுப்பினால், அங்கே அது முந்தின நாள் மாலையில் தொடங்கி இரண்டு நாளில் விழும். உங்கள் 15ஆம் தேதி பொங்கல் அவர் காலண்டரில் 14 இரவிலேயே தொடங்குவதாகத் தெரியும். இன்வைட்டை ‘ஃப்ரீ’ என்று குறிக்காவிட்டால் அவருடைய நாளும் வேலையில்லாத நாளாக அடைபட்டுவிடும். என் யோசனை, இன்வைட் வேண்டாம், பட்டியலே போதும்.

கடைசியாக ஆட்டோ ரிப்ளை. அது யாருக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது, புது பையருக்கும் போகலாம். அதனால் அங்கே சுருக்கப்பட்ட விளக்கம் எப்போதும் இருக்கட்டும்:

```
Our office in Tiruppur, India is closed for Pongal, the Tamil
harvest festival, until Sunday 18 January 2026. I will reply
on Monday 19 January (India time, GMT+5:30).
```

அவசரத்துக்கு ஒரு போன் எண் கொடுப்பதானால், அந்த எண்ணுக்கு உரியவர் அந்த நான்கு நாளும் எடுப்பாரா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வெசலில் ஏற்ற வேண்டிய கன்டெய்னர் ஏதும் அந்த வாரத்தில் இருந்தால் ஷிப்பிங் பிரிவில் ஒருவரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.